வேலி சரிந்தால் யார் நட்டப்படுகிறார்கள்?



உங்களில் பலர் பொறியியலோ மேலாண்மையோ படித்தபோது வெளிநாட்டு ஆசிரியர்களின் பாடநூல்களை இந்தியப் பதிப்பாக வாங்கியிருப்பீர்கள். மெல்லிய தாள், சாதாரண அட்டை, அந்த அட்டையின் மேல் இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்றொரு முத்திரை. அமெரிக்க மாணவர் நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கும் புத்தகத்தை நாம் சில நூறு ரூபாய்க்கு வாங்கினோம். அந்த முத்திரைதான் இன்றைய என் பேச்சின் பொருள். ஒரே பொருளை ஏழை நாட்டில் ஒரு விலைக்கும் பணக்கார நாட்டில் வேறு விலைக்கும் விற்க வேண்டுமென்றால், மலிவான சரக்கு விலை உயர்ந்த சந்தைக்குள் போகாமல் ஒரு வேலி வேண்டும்.

தாள் புத்தகத்துக்கு அந்த வேலி தாங்கவில்லை. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்சேங் என்ற மாணவர், ஊரிலிருந்த குடும்பத்தாரைக் கொண்டு அங்கே மலிவாகக் கிடைத்த பாடநூல்களை வாங்கி அனுப்பச் செய்து அமெரிக்காவில் விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்குத் தொடர்ந்தது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. முறையாக அச்சிட்டு விற்கப்பட்ட பிரதியை, அது எந்த நாட்டில் அச்சானதாக இருந்தாலும், வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்றது. அமெரிக்காவில் அந்த முத்திரைக்குச் சட்டபலம் இல்லாமல் போயிற்று.

இணையத்தில் விற்கும் பொருளின் நிலை வேறு. கணினி விளையாட்டையோ மென்பொருளையோ காசு கொடுத்து எடுத்தவர் கையில் மறுபடி விற்பதற்கு ஒன்றுமில்லை. அது அவருடைய கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே வேலி உறுதியாக நிற்கும் என்று பலரும் நினைத்தார்கள். நின்றதா என்பதைக் காட்ட ஒரே ஒரு கடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2003 முதல் நடத்திவரும் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடை அது. அங்கே விளையாட்டை உருவாக்கியவர்களே ஒவ்வொரு நாணயத்துக்கும் விலை வைக்கிறார்கள். கடை ஒரு பரிந்துரை விலையைக் காட்டும், விற்ற பணத்தில் வழக்கமாக முப்பது விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும்.

முதலில், எதற்காக விலையைக் குறைக்க வேண்டும்? இதைக் கொடை என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்த்தால் அது வணிகம் என்று தெரியும். அமெரிக்காவில் 20 டாலருக்கு விற்கும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். டாலர் 83 ரூபாய் என்று வைத்து அப்படியே மாற்றினால் இந்திய விலை 1,660 ரூபாய். அதற்குள் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. வரியைக் கழித்தால் ஏறத்தாழ 1,407 ரூபாய், கடையின் பங்கையும் கழித்தால் 985 ரூபாய் உருவாக்கியவர் கைக்கு வரும். விலையை 600 ரூபாயாக வைத்தால் அதே கழிவுகள் போக 356 ரூபாய் வரும். ஆக, 1,660 ரூபாய்க்கு நூறு பேர் வாங்கும் இடத்தில் 600 ரூபாய்க்கு 277 பேர் வாங்கினாலே போதும், நட்டமில்லை. அதற்கு மேல் வாங்குபவர் ஒவ்வொருவரும் லாபம். இன்னொரு பிரதியை இறக்கிக்கொள்ளக் கொடுப்பதற்கு உருவாக்கியவருக்கு ஏறக்குறைய எதுவும் செலவில்லை என்பதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. தாள், அச்சு, கப்பல் கூலி என்று ஒரு அடிச்செலவு இருந்திருந்தால் இவ்வளவு தூரம் இறங்க முடியாது.

இணையத்திலும் ஒரு தரை உண்டு. தன் சொந்தத் தளத்திலேயே விற்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரைப் என்ற பணவசூல் நிறுவனம் அமெரிக்காவில் ஒவ்வொரு அட்டைப் பரிமாற்றத்துக்கும் 2.9 விழுக்காட்டோடு 30 சென்ட் நிலைக்கட்டணமும் வாங்கும் விகிதம் நன்கு அறியப்பட்டது. 20 டாலர் விற்பனையில் இது நான்கரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். 2 டாலர் விற்பனையில் பதினெட்டு விழுக்காடாகிவிடும். ஏழை நாட்டுக்கு மிகக் குறைந்த விலையை வைத்துவிட்டு மாதச் சந்தாவாக வசூலித்தால், வாங்குபவர் கொடுத்ததில் கணிசமான பகுதி பணவசூல்காரருக்கே போய்விடும். இத்தகைய இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை வசூலிப்பதே சரி.

சரி, 600 ரூபாய் என்று நான் சொன்னது எங்கிருந்து வந்தது? நாணய மாற்று விகிதம் ஒரு பதில், வாங்கும் திறன் ஒப்புமை இன்னொரு பதில். அமெரிக்காவில் ஒரு டாலரால் வாங்கக்கூடியதை இங்கே எத்தனை ரூபாய் வாங்கும் என்று உலக வங்கி ஒருங்கிணைக்கும் ஒப்பீட்டுத் திட்டம் கணக்கிடுகிறது. இந்தியாவுக்கு அது இருபது ரூபாயை ஒட்டியிருக்கிறது. அதன்படி 20 டாலர் விளையாட்டு 400 ரூபாய்க்கு வர வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் அரிசி, வீட்டு வாடகை, முடிதிருத்தும் கூலி எல்லாம் கலந்திருக்கின்றன. கணினி விளையாட்டை வாங்குபவர் நாட்டின் சராசரி மனிதர் அல்லர். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல கணினி இருக்கிறது. அதிலுள்ள கிராபிக்ஸ் கார்டை உலக விலைக்கு, இறக்குமதிச் செலவும் சேர்த்து வாங்கியிருக்கிறார். சராசரி வருமானத்தை வைத்து விலை இறக்கினால் அவர் கொடுக்கத் தயாராக இருப்பதற்கும் கீழே போய்விடுவோம். மாற்று விகிதத்தில் நின்றாலோ அவர் திருட்டுப் பிரதிக்குப் போய்விடுவார். ஆகவே சரியான விலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அந்த ஊரில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க என்ன செலவாகிறது என்று பார்க்க வேண்டும். சினிமா டிக்கெட், ஓ.டி.டி. சந்தா, அங்கே நன்றாக விற்கும் இன்னொரு விளையாட்டின் விலை ஆகியவை எந்தக் குறியீட்டைவிடவும் உண்மையைச் சொல்லும்.

இனி துருக்கிக்கும் அர்ஜென்டினாவுக்கும் வருகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிய வேண்டிய கதை அங்கேதான் நடந்தது.

2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ ஏழரைத் துருக்கி லிரா. அப்போது ஒருவர் தன் 20 டாலர் விளையாட்டைத் துருக்கியில் 60 லிராவுக்கு வைத்தார் என்று கொள்வோம். அது 8 டாலர். அங்குள்ள வருமானத்துக்கு ஏற்ற, நியாயமான விலைதான். பிறகு அவர் அடுத்த விளையாட்டை உருவாக்கப் போய்விட்டார். லிரா விழுந்துகொண்டே இருந்தது. 2023 நவம்பரில் டாலருக்கு 28 லிராவையும் தாண்டிவிட்டது. கடையில் விலை அதே 60 லிரா. டாலரில் பார்த்தால் அது 2 டாலரைச் சற்றே தாண்டும். யாரும் விலையைக் குறைக்கவில்லை, தானாகவே நான்கில் ஒரு பங்காயிற்று. அர்ஜென்டினாவின் பெசோவிலும் இதேதான் நடந்தது, இன்னும் வேகமாக.

இதனால் துருக்கிக்காரருக்கு நன்மைதானே என்று கேட்கலாம். வேலி இல்லாவிட்டால் அவருக்கு நன்மையில்லை. ஜெர்மனியில் இருப்பவர் வி.பி.என். மூலம் தன் இணைய முகவரியைத் துருக்கியாகக் காட்டி, துருக்கிப் பரிசு அட்டை ஒன்றை இணையத்தில் வாங்கித் தன் கணக்கின் நாட்டை மாற்றிக்கொண்டார். வரியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவோம். அவர் 20 டாலர் கொடுத்திருந்தால் உருவாக்கியவருக்கு 14 டாலர் வந்திருக்கும். துருக்கி விலை 8 டாலராக இருந்தபோது வந்தது 5 டாலர் 60 சென்ட். ஆக, ஒரு ஜெர்மானியர் உள்ளே நுழைந்ததால் வந்த நட்டத்தை ஈடுகட்ட ஒன்றரைத் துருக்கியர் புதிதாக வாங்கினால் போதும். விலை 2 டாலரைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கியபின் அதே கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். கைக்கு வருவது ஏறத்தாழ ஒன்றரை டாலர். ஒரு ஜெர்மானியரால் போனது பன்னிரண்டரை டாலர். அதை ஈடுகட்ட எட்டுக்கும் மேற்பட்ட துருக்கியர் வாங்க வேண்டும். நாணயம் சரியச் சரிய, வேலி தாண்டுவதற்கான ஆசையும் கூடுகிறது, தாண்டுபவர் ஒவ்வொருவராலும் ஏற்படும் சேதமும் கூடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கூடுவதுதான் ஆபத்து.

வேலி உடைந்துவிட்டது என்பதை உருவாக்கியவர் எப்படித் தெரிந்துகொள்வார்? விற்பனைப் பட்டியலில் துருக்கி வேகமாக மேலே வரும். அதே சமயம் துருக்கி மொழியில் விளையாடுபவர் எண்ணிக்கை கூடாது, துருக்கி மொழியில் விமர்சனங்களும் வராது. துருக்கி விலையில் வாங்கியவர்கள் இஸ்தான்புல்லில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். விற்பனை மட்டும் கூடி மொழியும் நேரமும் அதோடு சேர்ந்து நகராவிட்டால், அந்த விற்பனை அந்த நாட்டு மக்களுடையது அன்று.

கடை சும்மா இருக்கவில்லை. விலை வித்தியாசம் மிகுந்த நாடுகளுக்கிடையே விளையாட்டைப் பரிசாக அனுப்புவதைத் தடுத்தது. நாட்டை மாற்றினால் அந்த நாட்டுப் பணவழியிலேயே வாங்க வேண்டும் என்றது. 2021-இல், ஒருமுறை நாட்டை மாற்றினால் மூன்று மாதத்துக்கு மறுபடி மாற்ற முடியாது என்றது. 2022 அக்டோபரில் பரிந்துரை விலைகளைத் திருத்தியபோது துருக்கிக்கும் அர்ஜென்டினாவுக்கும் அவை நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தன. ஆனால் பரிந்துரை பரிந்துரைதான். பழைய விளையாட்டுகள் பலவற்றில் பழைய விலையே கிடந்தது.

கடைசியில் 2023 நவம்பர் 20-ஆம் நாள் லிராவும் பெசோவும் அந்தக் கடையிலிருந்து போய்விட்டன. மாற்று விகிதம் இப்படி ஆடும்போது உருவாக்குபவர்களால் விலையைக் காலத்துக்கு ஏற்ப வைத்திருக்க முடியவில்லை என்பது வால்வ் சொன்ன காரணம். துருக்கியை மேற்காசிய, வடஆப்பிரிக்க நாடுகளோடு ஒரு டாலர் மண்டலத்திலும் அர்ஜென்டினாவை லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவற்றோடு இன்னொரு டாலர் மண்டலத்திலும் சேர்த்தார்கள். அந்த மண்டலங்களுக்குத் தனியாகக் குறைந்த விலை வைக்கலாம். அதனால் அதுவரை முழு அமெரிக்க விலையைக் கொடுத்துவந்த எகிப்து போன்ற நாடுகளுக்கு நன்மை கிடைத்தது. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் புதிய மண்டல விலையைக் குறிக்காத விளையாட்டுகளுக்கு அமெரிக்க விலையே வந்து நின்றது. அப்போது துருக்கியில் குறைந்தபட்ச மாத ஊதியம் கைக்கு வருவது 11,402 லிரா. 60 டாலர் விளையாட்டு ஒன்று 1,700 லிராவுக்கு மேல். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அர்ஜென்டினாவில் வெளிநாட்டு இணையக் கொள்முதலுக்கு அந்த அரசு விதித்த வரிகளும் சேர்ந்து, வாங்குபவர் கொடுப்பதை இன்னும் பெரிதாகக் கூட்டின.

வேலி தாண்டிய ஜெர்மானியருக்கு என்ன ஆயிற்று? ஒன்றுமில்லை. அவர் மறுபடி ஜெர்மன் விலைக்குப் போனார், அதைக் கொடுக்க அவரிடம் வருமானம் இருக்கிறது. தண்டனை முழுவதும் வேலிக்குள் நியாயமாக இருந்தவர் தலையில் விழுந்தது. இந்தச் செய்தி வரும்போதெல்லாம் பெரிய நிறுவனத்தை ஏமாற்றினார்கள், நன்றாக வேண்டும் என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்னொரு நாட்டின் விலையைத் திருடுபவர் அந்த நாட்டு மாணவனிடமிருந்துதான் திருடுகிறார்.

டாலரில் விலை வைப்பது விற்பவரைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. அந்த ஆபத்து எங்கே போகிறது என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். ஸ்டீம் கடையில் இந்தியாவுக்கு 2015 முதல் ரூபாய் விலை இருக்கிறது. இலங்கை, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் ஆகியவை தெற்காசிய டாலர் மண்டலம் ஒன்றில் இருக்கின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 இலங்கை ரூபாயை ஒட்டியிருந்தது. மே மாதத்தில் 360 ஆகிவிட்டது. டாலரில் 10 என்று குறித்த எந்தப் பொருளும் இரண்டே மாதத்தில் 2,000 ரூபாயிலிருந்து 3,600 ரூபாயாகிவிடும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சம்பளம் வாங்குபவருக்கு அந்தச் சம்பளம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. லிராவில் விலை வைத்தால் சரிவு விற்பவரைத் தாக்கும், டாலரில் வைத்தால் வாங்குபவரைத் தாக்கும். நெருக்கடி வந்த மாதத்தில் யாருக்குத் தாங்கும் வலிமை கூடுதல் என்று கேட்டால், உலகம் முழுவதும் விற்பவருக்குத்தான். ஒரே நாட்டில் நடக்கும் சரிவை அவர் மற்ற நாடுகளின் வரவால் தாங்கிக்கொள்வார். கொழும்பில் இருப்பவருக்கு வேறு நாடு இல்லை.

சட்டமே வேலியை உடைத்த இடமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் போலந்து, ஹங்கேரி, ருமேனியா, பால்டிக் நாடுகள் முதலியவற்றில் மலிவாக விற்ற, விளையாட்டைத் திறக்கும் கீ-கள் அந்த நாடுகளுக்கு வெளியே வேலை செய்யாதபடி வால்வும் ஐந்து பதிப்பு நிறுவனங்களும் பூட்டி வைத்திருந்தன. ஒரே சந்தை என்ற கொள்கைக்கு இது மாறானது என்று 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அதில் வால்வின் பங்கு 16 லட்சம். வால்வ் மேல்முறையீடு செய்தும் 2023 செப்டம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அபராதத்தை உறுதிசெய்தது. ஒரே சந்தைக்குள் பூட்டுப் போடக் கூடாது என்ற விதியின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ருமேனியாவில் தனி விலை வைத்தால் அது ஜெர்மனிக்குள் போவதைத் தடுக்கக் கூடாது என்றால், விற்பவர் ருமேனியாவுக்குத் தனி விலை வைக்கவே மாட்டார். இருவருக்கும் ஒரே யூரோ விலைதான். புக்கரெஸ்ட் மாணவனுக்கும் மியூனிக் மாணவனுக்கும் சம உரிமை கிடைத்தது. அந்தச் சமத்துவத்தின் செலவைப் புக்கரெஸ்ட் மாணவன் கொடுக்கிறான்.

இங்கே என்னை நோக்கி ஒரு நியாயமான கேள்வி வரும். டெட்ராய்ட்டில் வேலையில்லாமல் இருப்பவர் 20 டாலர் கொடுக்கிறார். சென்னை போட் கிளப்பில் பெரிய பங்களாவில் இருப்பவரின் மகன் 600 ரூபாய் கொடுக்கிறான். இது என்ன நியாயம்? நியாயமில்லைதான். நாடு என்பது வருமானத்தை அளக்க மிக முரட்டுத்தனமான அளவுகோல். ஆனால் விற்பவரால் அதிக வம்பில்லாமல் தெரிந்துகொள்ளக்கூடிய அளவுகோல் அதுதான். ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டையும் கேட்டு விலை சொல்லும் கடையில் நானோ நீங்களோ வாங்க மாட்டோம். நாட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வுக்கு மாணவர் விலை, பழைய பதிப்புக்குத் தள்ளுபடி போன்ற தனி வழிகள் இருக்கின்றன. அவற்றை நாட்டு விலையோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

இந்த அரங்கில் இருக்கும் இளைஞர்களில் சிலர் நாளை கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ மென்பொருள் செய்து உலகுக்கு விற்பீர்கள். அப்போது விலை வைக்கும் கை உங்களுடையது. ஏழை நாட்டு விலையைத் தாராளமாகக் குறையுங்கள், ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு இறக்காதீர்கள். விலை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகாதவரை அந்த வித்தியாசத்துக்காக வி.பி.என்., பரிசு அட்டை என்று அலையப் பெரும்பாலோர் துணிய மாட்டார்கள், பத்தில் ஒன்றாக இருந்தால் துணிவார்கள். இணைய முகவரியை நம்பி விலை காட்டாதீர்கள். அதை யாரும் மாற்றிக்கொள்ளலாம், ஊர்விட்டு ஊர் போன நேர்மையான வாடிக்கையாளரும் அதனால் சிரமப்படுவார். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். அட்டையை வழங்கிய வங்கியின் நாடு அட்டை எண்ணின் முதல் இலக்கங்களிலேயே தெரிந்துவிடும். நம் நாட்டில் யூ.பி.ஐ. இன்னும் வலுவான வேலி. சில விலக்குகளைத் தவிர, அதில் பணம் செலுத்த இந்திய வங்கிக் கணக்கு வேண்டும்.

எல்லாவற்றையும்விட, விலையை வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் நாட்டு விலைகள் ஒவ்வொன்றையும் அன்றைய விகிதத்தில் டாலராக்கிப் பாருங்கள். நீங்கள் முதலில் நினைத்த அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருந்தால் அப்போதே திருத்துங்கள். 60 லிரா என்பது 75 ஆனால் துருக்கிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார். மூன்று ஆண்டு சும்மா விட்டுவிட்டு ஒரே நாளில் 60-ஐ 570 ஆக்கினால் அவர் திரும்பி வரமாட்டார்.